பார்வைக் குறைபாடுள்ள ஊழியரின் ஆண்டு மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்துவிட்டால் பெருங்குடி, தரமணி, கிண்டி அலுவலகங்களில் இருக்கும் டீம் லீடர்களிடமிருந்து எனக்கு இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மனிதவளத் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மதிப்பீட்டுப் படிவங்களைப் படிக்கிறேன். மாற்றுத்திறனாளி ஊழியர்களின் படிவங்களில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. அதை ஒரே ஒருவரின் ஓராண்டுக் கணக்கைக் கொண்டு விளக்குகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

என் குழுவில் பார்வை மிகக் குறைந்த ஒரு பெண் இருக்கிறார். மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. நாளுக்கு 40 முடிக்க வேண்டும். அவருடைய ஆண்டுச் சராசரி 33. ஐந்துக்கு இரண்டுக்கு மேல் எப்படிப் போடுவது?

ஆண்டுச் சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, மாதவாரிக் கணக்கை எடுங்கள். நாங்கள் எடுத்தபோது இப்படி வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம், நாளுக்கு 41. ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதம், நாளுக்கு 24. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதம், நாளுக்கு 39. பிழையின்மை ஆண்டு முழுவதும் 99 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது, இலக்கு 98தான்.

ஒருவர் திடீரென்று ஜூலையில் திறமையை இழந்து டிசம்பரில் மீட்டுக்கொள்வதில்லை. ஜூலை முதல் வாரத்தில் அலுவலகம் கோரிக்கை மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியது. இந்தப் பெண் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்ல, காதால் கேட்டு விசைப்பலகையால் வேலை செய்கிறார். புதிய பதிப்பில் பல பொத்தான்களுக்கு உள்ளே பெயரே எழுதப்படவில்லை. 'ஏற்றுக்கொள்', 'நிராகரி', 'திருப்பி அனுப்பு' என்று பார்ப்பவருக்குத் தெரியும் மூன்றும், கேட்பவருக்கு 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே ஒலித்தன. தவறான பொத்தானை அழுத்தினால் ஒரு நோயாளியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு கோரிக்கையிலும் அவர் பொத்தான்களை முதலிலிருந்து எண்ணிக்கொண்டு போனார். இதோடு, மருத்துவமனை ரசீதுகள் புதிய பதிப்பில் வெறும் படங்களாக வந்தன. படத்திலிருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் தானாகப் படிக்காது.

ஜூலை முதல் வாரத்திலேயே அவர் மின்னஞ்சல் எழுதிவிட்டார். சரிசெய்யப்பட்டது நவம்பர் கடைசியில். டிசம்பரிலேயே 39 வந்துவிட்டது.

இப்போது கணக்கு. கருவி வேலை செய்த ஏழு மாதங்களின் சராசரி: மூன்று 41, நான்கு 39, ஆகக் கூட்டினால் 279, ஏழால் வகுத்தால் 40க்கு அருகே வருகிறது. இதுதான் அவருடைய வேலையின் அளவு. 33 என்பது அவருடைய வேலையும் அலுவலகத்தின் ஐந்து மாதத் தாமதமும் கலந்த எண். அந்தக் கலவைக்கு அவர் பெயரில் மதிப்பெண் போடக்கூடாது.

அப்படியென்றால் அந்த ஐந்து மாதத்தையும் இல்லாததுபோல் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் விலக்குங்கள். அந்த மாதங்களில் அவர் கையில் இருந்தவற்றை மதிப்பிடுங்கள். பிழை கூடியதா? கூடவில்லை. தடை வந்ததை உடனே தெரிவித்தாரா? முதல் வாரமே தெரிவித்தார். வேறு என்ன செய்தார்? எந்தத் திரையில் எந்தப் பொத்தானுக்குப் பெயர் இல்லை என்று ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். மென்பொருள் நிறுவனம் கடைசியில் அந்தப் பட்டியலை வைத்துத்தான் சரிசெய்தது. ஒரு பயனீட்டுச் சோதனையாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அது. படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை; நாங்கள் சேர்த்தோம்.

படிவத்தில் எழுதிய வாசகம் இதுதான்: "ஜூலை முதல் நவம்பர் வரை மென்பொருள் திரைவாசிப்பானோடு இயங்காததால் எண்ணிக்கை மதிப்பிடப்படவில்லை. தடை தெரிவிக்கப்பட்டது ஜூலை முதல் வாரம். நீக்கப்பட்டது நவம்பர் இறுதி. மற்ற ஏழு மாதங்களின் சராசரி 40, இலக்கு எட்டப்பட்டது." காரணத்தை இப்படித் தேதியோடு எழுதுங்கள். 'சில சிரமங்கள் இருந்தன' என்று மொட்டையாக எழுதினால், அடுத்த ஆண்டு படிப்பவர் அந்தச் சிரமம் அவருடைய கண்ணில் இருந்தது என்று நினைத்துக்கொள்வார்.

கருவி வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்வதை நம்ப வேண்டியதுதானா?

நம்புங்கள், நீங்களும் பாருங்கள். அரை மணி நேரம் போதும். என்விடிஏ இலவசம். உங்கள் கணினியில் நிறுவி, அதன் பட்டியில் Tools என்பதற்குள் Speech Viewer என்பதைத் திறந்தால், அது பேசுவதெல்லாம் எழுத்தாகவும் ஒரு சிறு சாளரத்தில் ஓடும். பிறகு மவுசைக் கழற்றி வைத்துவிட்டு, Tab விசையால் நகர்ந்து, Enter அல்லது Space விசையால் பொத்தான்களை அழுத்தி, விசைப்பலகையை மட்டும் வைத்தே ஒரு கோரிக்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை முடித்துப் பாருங்கள். பெயரில்லாமல் 'button' என்று மட்டும் வரும் இடங்களையும், Tab போய்ச் சேராத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது படமா எழுத்தா என்று அறிய, மவுசை மறுபடி இணைத்து ஒரு வரியைத் தேர்வு செய்து பாருங்கள். வரி தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் படம்.

ஒரு எச்சரிக்கை: உங்களுக்கு அது மெதுவாக இருக்கும். பழகியவர்கள் நம் காதுக்குப் புரியாத வேகத்தில் கேட்பார்கள். உங்கள் வேகத்தை வைத்து அவர் வேகத்தை ஊகிக்க வேண்டாம். தடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இலக்கையே 30 என்று குறைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதிதானே?

அந்த டீம் லீடரும் முதலில் இதைத்தான் யோசித்தார், நல்ல மனதோடு. ஆனால் அந்தப் பெண் தன் கருவி சரியாக இருந்தபோது 41 முடித்தவர். அவருக்கு 30 என்று எழுதிவைத்தால், பொத்தான்களுக்குப் பெயர் வைக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. மூத்த சரிபார்ப்பாளர் பதவி காலியாகும்போது 'குறைந்த இலக்கில் வேலை செய்பவர்' என்ற வரி மட்டும் மேலே போய்ச் சேரும்.

விளைவை அப்படியே வைத்துக்கொண்டு, அதை எட்டும் வழியை மாற்றுவதுதான் முதல் வேலை. இங்கே மாற்றியவை மூன்று. பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. ரசீதுப் படங்கள் எழுத்துணரி வழியாகப் போய், எழுத்தாகவும் கிடைத்தன. மூன்றாவது, கையால் எழுதிய மருந்துச் சீட்டுகள். மருத்துவர்களின் கையெழுத்தில் எழுத்துணரி தடுமாறிவிடும். வராத மருந்தின் பெயரைக்கூட வந்ததாகச் சொல்லிவிடும். ஆகவே கையெழுத்துச் சீட்டுள்ள கோரிக்கைகள் பக்கத்து இருக்கைக்காரருக்குப் போயின. அவருக்கு வர வேண்டிய அச்சிட்ட கோரிக்கைகள் அதே எண்ணிக்கையில் இவருக்கு வந்தன. இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரம் எடுப்பவையா என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் மாற்றினோம். இலக்கு இருவருக்கும் 40தான்.

இலக்கின் எண்ணையே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. வேலை நேரம் குறையும்போது, எண்ணும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சிகிச்சைக்குப் போகிறவரிடம் ஐந்து நாள் கணக்கைக் கேட்க முடியாது. அதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மதிப்பீட்டு நாளன்று தாராள மனதோடு குறைத்துக் கொடுப்பது உங்கள் தயவாகிவிடும். தயவு அடுத்த ஆண்டு டீம் லீடர் மாறினால் போய்விடும்.

'அவருக்கு மட்டும் சுலபமான கோரிக்கையா?' என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

எண்ணைக் காட்டுங்கள்: இருவருக்கும் 40, இருவருக்கும் 98 விழுக்காடு. வேலைப் பங்கீடு மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை என்று சொன்னால் போதும். அவருடைய கண்ணைப் பற்றி எதையும் விளக்க வேண்டியதில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

எங்கள் படிவத்தில் 'தகவல் தொடர்புத் திறன்', 'சுறுசுறுப்பு', 'ஈடுபாடு' என்று இருக்கிறது. இவற்றுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

ஊகங்கள் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். எண்ணுக்கு ஆதாரம் கேட்கலாம். 'சுறுசுறுப்பு' என்ற சொல்லுக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. நம் வழக்கில் அந்தப் பெண்ணுக்குத் தகவல் தொடர்பில் இரண்டு போட்டிருந்தது. காரணம் கேட்டேன். "கூட்டத்தில் முகம் பார்த்துப் பேசுவதில்லை, திரையில் போட்டுக்காட்டும் விவரங்களுக்குக் கருத்துச் சொல்வதில்லை" என்றார் டீம் லீடர். அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. படிவம் கேட்டதற்கு, கண்ணில் பட்டதை எழுதியிருந்தார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, இந்த வேலையில் அதனால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். சரிபார்ப்பு வேலையில் தகவல் தொடர்பு என்றால், ஒரு கோரிக்கையைத் திருப்பி அனுப்பும்போது என்ன ஆவணம் குறைகிறது என்று மருத்துவமனைக்குப் புரியும்படி எழுதுவது. அது நடந்ததா என்று அறிய, அவர் திருப்பி அனுப்பிய கோரிக்கைகளில் இருபதை எடுத்து, எத்தனைக்கு மருத்துவமனை மறுபடி விளக்கம் கேட்டது என்று பார்த்தோம். ஒன்றுக்கு மட்டும். அதே குழுவில் கண் பார்த்து நன்றாகப் பேசும் ஒருவருடைய இருபதில் ஆறுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு என்ற மதிப்பெண் நான்காக மாறியது இப்படித்தான்.

'ஈடுபாடு' பெரும்பாலும் மாலை தாமதமாகத் தங்குவதைக் குறிக்கிறது. மெட்ரோ பணிக்காக ஓ.எம்.ஆர். நடைபாதை தோண்டிக் கிடக்கும்போது, வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய சாலையில், வெள்ளைக்கோலோடு இரவு எட்டு மணிக்கு ஒருவர் வீடு திரும்புவது எவ்வளவு அபாயம் என்பதை இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஐந்தரைக்குக் கிளம்புவதை ஈடுபாட்டின் குறையாக எழுதியிருந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். கீழே எழுத ஒரு விளைவும் கிடைக்காத சொல்லை மொத்தப் படிவத்திலிருந்தே, எல்லோருக்குமாக, எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

அவரிடம் குறையைச் சொல்ல மனம் வரவில்லை. நான்கு போட்டுவிட்டு விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முன்பு நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில், சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நான்கு போட்டார்கள். அறிக்கைகளில் எண்களைச் சரிபார்க்காமல் அனுப்பும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சக ஊழியர் ஒருவர் அமைதியாகத் திருத்திவிடுவார். ஐந்தாம் ஆண்டு அவர் குழுத் தலைமைக்கு விண்ணப்பித்தபோது, 'அறிக்கையில் பிழை அதிகம்' என்று நிராகரித்தார்கள். "நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் சரிசெய்திருப்பேனே" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் படிவங்களில் ஒன்றில் என் கையெழுத்தும் இருக்கிறது.

மற்றவர்களுக்குச் சொல்லும் குறையை, அதே சொற்களில், அதே மாதத்தில் இவருக்கும் சொல்லுங்கள்.

எல்லா ஏற்பாடும் செய்தாகிவிட்டது. இன்னும் இலக்கு எட்டவில்லை. அப்போது?

முதலில், செய்த ஏற்பாடு இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது பொத்தான் பெயர்கள் மறுபடி காணாமல் போவது சாதாரணம். அவரிடமே கேளுங்கள்: "எந்த இடத்தில் நேரம் போகிறது?" பக்கத்தில் அமர்ந்து ஐந்து கோரிக்கைகளைக் கவனித்தால், நேரம் கருவியில் போகிறதா, விதிகளைத் தேடுவதில் போகிறதா என்று தெரிந்துவிடும். விதிகளில் தடுமாறினால் அது பயிற்சிக் குறை. மற்ற எவருக்கும் போலவே பயிற்சி, காலக்கெடு, மறுபரிசீலனை. கருவி சரியாக இருந்தும் பயிற்சி கொடுத்தும் விளைவு வரவில்லை என்றால், குறைந்த மதிப்பெண் போடுவது பாகுபாடு ஆகாது.

மதிப்பீட்டுப் படிவத்தில் அவருடைய குறைபாட்டை எழுத வேண்டுமா?

வேண்டாம். நோயின் பெயர், விழுக்காடு, அடையாள அட்டை எண் எதுவும் அதில் வரக்கூடாது. ஏற்பாடுகளைத் தனித் தாளில் வையுங்கள்: என்ன ஏற்பாடு, எப்போது கேட்டார், எப்போது கிடைத்தது, எப்போது மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பக்கம் போதும். நம் வழக்கில் ஜூலை முதலே இப்படியொரு தாள் இருந்திருந்தால், 33 என்ற எண் படிவத்துக்கு வந்தே இருக்காது.

மதிப்பீட்டுச் சந்திப்பை எப்படி நடத்துவது?

படிவத்தைச் சில நாள் முன்னதாக, அவருடைய கருவி படிக்கும் வடிவில் அனுப்புங்கள். ஸ்கேன் செய்த படிவத்தை அனுப்பிவிட்டு 'சுயமதிப்பீட்டை ஏன் நிரப்பவில்லை' என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்திப்பில் 'இந்த வரைபடத்தைப் பாருங்கள்' என்று திரையைக் காட்டாமல், எண்களை வாயால் சொல்லுங்கள். காதுகேளாத ஊழியராக இருந்தால் சைகைமொழிப் பெயர்ப்பாளரை அலுவலகம் ஏற்பாடு செய்ய வேண்டும். பக்கத்து இருக்கை நண்பரை அழைத்து வைத்துக்கொள்வது தவறு. ஒருவருடைய சம்பள விவரத்தைச் சக ஊழியர் மொழிபெயர்க்கக் கூடாது.

முதல் கேள்வியை ஏற்பாடுகளைப் பற்றியே கேளுங்கள், மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன்பே. மதிப்பெண்ணுக்குப் பிறகு கேட்டால், எந்தப் பதிலும் சாக்குப்போக்குபோல ஒலிக்கும்.

இதெல்லாம் அரசு அலுவலகங்களுக்குத்தானே? நாங்கள் தனியார் நிறுவனம்.

பாதி சரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, வேலை விஷயத்தில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று 20ஆம் பிரிவில் சொல்வது அரசு நிறுவனங்களை நோக்கித்தான். ஆனால் அதே சட்டம் பாகுபாடு என்பதை விளக்கும்போது, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. 21ஆம் பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும். தனியாரும் அதில் அடக்கம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமாக இருந்தால், அந்தக் கொள்கையில் உதவிக் கருவிகள், பதவி உயர்வுக்கு முந்திய பயிற்சி ஆகியவை இடம்பெற வேண்டும். ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். இது 2017ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது.

நியாயமான ஏற்பாடு என்பதற்கு எல்லையும் சட்டத்திலேயே உண்டு: அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. ஆனால் சுமை என்று சொல்பவர் கணக்கைக் காட்ட வேண்டும். பொத்தான்களுக்குப் பெயர் எழுதுவது எந்த நிறுவனத்துக்கும் அளவுக்கு மீறிய சுமை அல்ல. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்பாடு ஒவ்வொருவரின் தேவைக்கேற்பவும் அவரோடு பேசியும் அமைய வேண்டும் என்று விளக்கியது. அது தேர்வில் எழுதுவதற்கு உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கு என்றாலும், மதிப்பீட்டு மேசைக்கும் அந்த விளக்கம் பயன்படும்.

நான்தான் அந்த ஊழியர் இடத்தில் இருக்கிறேன். இரண்டு என்று மதிப்பெண் வந்துவிட்டது. என்ன செய்வது?

உடனே கையெழுத்துப் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால், 'பெற்றுக்கொண்டேன், உடன்படவில்லை' என்று எழுதிப் போடுங்கள். பிறகு உங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் தடையைத் தெரிவித்த முதல் கடிதத்தைத் தேடி எடுங்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், எப்போது யாரிடம் சொன்னீர்கள் என்பதை இப்போதே தேதியிட்டு எழுதி அனுப்புங்கள். மாதவாரி எண்ணிக்கையைக் கேளுங்கள். அது உங்கள் வேலையின் பதிவு. தடை இருந்த மாதங்களையும் இல்லாத மாதங்களையும் பிரித்து, மேலே செய்ததுபோல இரண்டு சராசரி போடுங்கள். அந்த ஒரு பக்கத்தோடு டீம் லீடரிடமும் தொடர்பு அலுவலரிடமும் மறுபரிசீலனை கேளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்; உரிமை மறுப்பை விசாரிக்கும் பொறுப்பைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. நாம் பார்த்த பெண்ணின் வழக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஜூலை முதல் வாரத்து மின்னஞ்சலையும் மாதவாரிக் கணக்கையும் மேசையில் வைத்ததும், திருத்திய படிவத்தில் டீம் லீடரே முதலில் கையெழுத்திட்டார்.